நான்கு மாதம் என்று நினைத்திருந்தது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு தையல் ஆலையில் சம்பளப் பிரிவில் இருக்கிறேன். ஆட்குறைப்பு நடந்த மாதம், வேலை போனவர்களுக்கு வேலையிழப்புக் காப்பீட்டுக்கான யுஐ-19 படிவம் நிரப்பிக் கொடுத்தது நான்தான். ஒரு தம்பி தன் சம்பளச் சீட்டில், மெடிக்கல் எய்ட் என்னும் மருத்துவக் காப்பீட்டுக்குக் கம்பெனி கட்டும் பங்கின் மேல் விரலை வைத்து, "அக்கா, அடுத்த மாசம் இதை யார் கட்டுவாங்க?" என்றார். முழுத் தொகையையும் அவர்தான் கட்ட வேண்டும் என்று சொல்வதற்கே எனக்குச் சங்கடமாக இருந்தது.

அன்று இரவு சாட்ஸ்வொர்த் வீட்டில், எனக்கு வேலை போனால் சேமிப்பு எத்தனை மாதம் தாங்கும் என்று எங்கள் கணக்கை எடுத்தேன். வீட்டில் சம்பளம் என் ஒருத்தியுடையதுதான். வீட்டுக் கடன் 7,500 ராண்ட், கார் 3,500, மெடிக்கல் எய்டில் என் பங்கு 2,400, பள்ளி 1,600, தண்ணீரும் மின்சாரமும் 2,000. சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் 5,000. மொத்தம் 22,000. சேமிப்பு 88,000. வகுத்தால் சரியாக நான்கு மாதம். இதை வைத்துத்தான் நிம்மதியாக இருந்தேன்.

ஆனால் வேலை போன மாதத்தின் செலவு, வேலை இருக்கும் மாதத்தின் செலவு அல்ல. கம்பெனி கட்டும் 2,400-ம் என் தலையில் விழும். சாப்பாடு, பயணத்தில் 1,500 குறைக்கலாம். ஆக 22,900. மெடிக்கல் எய்டை நிறுத்திவிடலாமே என்று தோன்றும். 90 நாளுக்கு மேல் இடைவெளி விழுந்தால், திரும்பச் சேரும்போது காத்திருப்புக் காலம் போடுவார்கள். என் மகனுக்கு ஆஸ்துமா. அதனால் அதில் கை வைக்கவில்லை.

அப்புறம் சேமிப்பு. 88,000-ல் 36,000 வீட்டுக் கடனில் கூடுதலாகக் கட்டி வைத்த பணம். வேண்டும்போது எடுக்கலாம் என்றாலும், அந்த வசதியைக் குறைக்கவோ நிறுத்தவோ வங்கிக்கு ஒப்பந்தத்தில் இடம் உண்டு. வருமானம் நின்றவளுக்கு அது கைக்கு வரும் என்று நம்பிக் கணக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. மீதி 52,000. இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

வேலை போனவர்களுக்கான அரசுக் காப்பீடான யு.ஐ.எஃப். வரும். ஆனால் அது மாதம் 17,712 வரைதான் சம்பளத்தைக் கணக்கில் எடுக்கும். அந்த உச்சவரம்பில் 38 சதவீதம், அதாவது சுமார் 6,700 ராண்ட். விண்ணப்பம் தேங்குவதை அலுவலகத்தில் கண்ணால் பார்ப்பவள் என்பதால் மூன்றாம் மாதத்திலிருந்துதான் சேர்த்தேன். நானாக வேலையை விட்டால் அதுவும் கிடையாது. ஆட்குறைப்பானால், வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு வாரச் சம்பளமாவது கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கம்பெனியே நொடித்துப்போனால் அது எப்போது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது. அதனால் அந்தக் கட்டத்தில் பூஜ்யம் எழுதினேன்.

மறுவாரமே 36,000-ஐ வெளியே எடுத்து, கேட்ட அன்றே கிடைக்கும் கணக்கில் போட்டேன். கடன் வட்டி கொஞ்சம் ஏறத்தான் செய்கிறது. முதல் இரண்டு மாதம் 45,800 போனால் கையில் 42,200 நிற்கும். அதன் பிறகு யு.ஐ.எஃப். போக மாதம் 16,200 துண்டு விழும். ஐந்தாம் மாதத்தின் பாதியில் பணம் தீரும். மூன்றாம் மாதம் பிறக்கும்போதே வங்கியிடம் தவணையைக் குறைத்துத் தரக் கேட்க வேண்டும் என்று அந்த மாதத்துக்கு எதிரே எழுதி வைத்திருக்கிறேன். கணக்கில் பணம் இல்லாமல் ஒரு டெபிட் ஆர்டர் திரும்பிய பிறகு போய் நின்றால் பேச்சே வேறு மாதிரி ஆகிவிடுகிறது.