பால் பில்

ஒக்டோபர் 5, ஞாயிறு
மெல்பேர்னில் இன்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கே கஃபே நடத்தும் அக்காவுக்கு இங்கிருந்து கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். அவரின் காலை ஒன்பது எனக்கு இனி அதிகாலை மூன்றரை.

ஒக்டோபர் 8
ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரையான கணக்கை முடித்து, எனக்கு இந்த வேலை கிடைத்த அப்வேர்க் தளத்தில் ஒப்படைத்தேன். அக்கா ஒன்றும் செய்யாவிட்டாலும் 14 நாளில் பணம் தானாக விடுபடும். அதன்பிறகு 5 நாள் தடுப்பு. 27ஆம் திகதி கைக்கு வரும். அம்மாவின் கண்ணாடிக்கு அந்தக் காசுதான்.

ஒக்டோபர் 11
நித்திரை வரவில்லை. "இன்னும் படுக்கேல்லையே பிள்ளை?" என்று அம்மா இரண்டு தரம் கேட்டுவிட்டா.

பால் சப்ளையரின் பில்லில் பாலும் காகிதக் கப்பும் ஒன்றாக வரும். அவுஸ்திரேலியாவில் பாலுக்கு ஜிஎஸ்டி வரி இல்லை, கப்புக்கு உண்டு. ஜூலையில், அந்தச் சப்ளையர் பெயர் வந்தால் முழுத்தொகைக்கும் ஜிஎஸ்டி போடும்படி மென்பொருளில் விதி எழுதியது நான்தான். ஒரு பில் 880 டொலர்: பால் 550, கப் 330. வரி சேர்ந்த விலையில் பதினொன்றில் ஒரு பங்குதான் வரி. அப்படியென்றால் கப்புக்கு 30 டொலர். நான் போட்டிருப்பது 80. கிழமைக்கு ஒரு பில், 13 கிழமை. பாலுக்குக் கட்டாத வரியையும் அரசிடம் திருப்பிக் கேட்கும்படி அக்காவின் கணக்கை எழுதி வைத்திருக்கிறேன். பிறகு பிடிபட்டால் வட்டியோடு கட்டப்போவது அவர்.

வங்கிக் கணக்கோடு எல்லாம் சதம் பிசகாமல் பொருந்தியதால் கண்ணில் படவில்லை. வரி பிழைத்தாலும் மொத்தம் பொருந்தும்.

ஒக்டோபர் 12
அக்காவிடம் சொல்லிவிட்டேன். என்ன பிழை, எந்தப் பில்கள், எப்போது திருத்துவேன் என்று மட்டும் எழுதினேன். மன்னிப்பு ஒரு வரி. இரண்டு வருடமாக வேலை தருகிறவர். புதிதாக ஒருவரைத் தேட எத்தனை விண்ணப்பம் போட வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒக்டோபர் 13
பதில் இல்லை.

ஒக்டோபர் 14
மழை. கரண்ட் மூன்று மணித்தியாலம் இல்லை. ரவுட்டரின் சின்ன பற்றரி தாங்கியது. போனை நாற்பது தரம் பார்த்திருப்பேன். இன்னொரு செய்தி அனுப்பக் கை போனது, அனுப்பவில்லை.

ஒக்டோபர் 15
அதிகாலை நான்கு மணிக்குப் பதில் வந்தது. திருத்தம் கேட்டு வேலையைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். பில் பில்லாகப் பிரித்துக் காட்ட வேண்டுமாம். கோபமா என்று எழுத்தில் தெரியவில்லை. திரும்ப ஒப்படைத்தால் 14 நாள் முதலிலிருந்து. 27 போய்விட்டது. அங்கே வரி அறிக்கைக்குக் கடைசி நாள் 28. பதிவுபெற்ற முகவர்தான் அதைப் போடுவார், அவருக்கு என் கணக்கு முன்கூட்டியே வேண்டும்.

ஒக்டோபர் 17
அந்த விதியை அழித்துவிட்டேன். ஒன்பது பில் முடிந்தது. பால் ஒரு வரி, கப் ஒரு வரி.

ஒக்டோபர் 20
தீபாவளி. எண்ணெய் வைக்க அம்மா கூப்பிடுகிறா. பன்னிரண்டாவது பில்லின் படம் மங்கல், பால் எத்தனை பெட்டி என்று தெரியவில்லை. சப்ளையரிடம் கேட்டுத் தருகிறேன் என்று அக்கா எழுதியிருக்கிறார். கடைசியில் "ஹாப்பி தீபாவளி" என்றும் இருக்கிறது.