பையில் இல்லாத பார்சல்

மாலையில் டெலிவரி செய்பவர்கள் கணக்குக் கொடுக்க வரும்போது நான் முதலில் நோட்டை எண்ணுவதில்லை. திரும்பி வந்த பார்சல்களை எண்ணுவேன். அவர்கள் எடுத்துப்போகும் பார்சல்களின் பட்டியலான ரன்ஷீட்டில் ‘கொடுத்தாயிற்று’ என்றிருந்தால் பணம் வர வேண்டும். ‘வீட்டில் ஆள் இல்லை’ என்றிருந்தால் பார்சல் வர வேண்டும். இரண்டில் ஒன்று மேசைக்கு வந்தே ஆக வேண்டும். பணத்தை மட்டும் பார்ப்பவருக்கு, ஓட்டை விழுந்த கணக்கும் நேராகவே தெரியும்.

அம்பத்தூர் பக்கம் ஓடிய அந்தத் தம்பியின் கணக்கும் நேராகத்தான் இருந்தது. அன்று அவர் எடுத்துப்போன, பொருளைக் கொடுக்கும்போது பணம் வாங்க வேண்டிய சி.ஓ.டி. பார்சல்கள் 22, மதிப்பு 24,310 ரூபாய். அவற்றில் 18 கொடுத்தாயிற்று என்று இருந்தது, அதற்கு 19,845 ரூபாய். கியூ.ஆர். வழியாக 8,120 நேரே நிறுவனத்துக்குப் போயிருந்தது. மீதி 11,725 ரொக்கம். சீட்டில் எழுதியிருந்ததும் அவர் நீட்டியதும் ஒரு ரூபாய் பிசகவில்லை. ஆனால் திரும்ப வேண்டிய நான்கு பார்சல்களில் மூன்றுதான் பையில் இருந்தன. இல்லாதது 1,450 ரூபாய்ப் பார்சல்.

“காவலாளியிடம் வைத்துவிட்டேன் அக்கா” என்றார். வாடிக்கையாளரை அழைத்தேன். மதியமே பார்சல் வந்துவிட்டது, ரொக்கமாகக் கொடுத்தேன் என்றார் அந்த அம்மா. அதன் பிறகுதான் முந்தைய நாள் கதை வெளியே வந்தது.

கொரட்டூரில் ஒரு வீட்டில் 1,390 ரூபாய் வாங்க வேண்டும். சிக்னல் இல்லாமல் நிறுவனத்தின் கியூ.ஆர். திறக்கவில்லை. வாடிக்கையாளர் இவருடைய எண்ணுக்கே அனுப்பிவிட்டார். ஏ.டி.எம்.மில் எடுத்துக் கட்டலாம் என்று நினைத்து, அன்றைக்கு ‘ஆள் இல்லை’ என்று போட்டுவிட்டார். அன்று மேசையில் வேறொருவர் இருந்தார். பார்சலை யாரும் எண்ணவில்லை. விடிந்ததும் வண்டிக் கடன் தவணைக்கு வங்கி அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டது. செல்பேசியில் இரண்டு குறுஞ்செய்திகளையும் காட்டினார்: மாலையில் 1,390 வரவு, காலையில் தவணைப் பற்று. ஆகவே இன்று வாங்கிய 1,450 ரூபாயை நேற்றைய பார்சலுக்குக் கட்டியிருந்தார். மிச்சம் 60 ரூபாயை, ஓர் ஐம்பதும் ஒரு பத்துமாக, சட்டைப் பையின் இன்னொரு மடிப்பிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

“பார்சல் இருப்பதாக இன்று ஒரு நாள் போட்டுவிடுங்கள் அக்கா. நாளைக் காலையில் அப்பாவிடம் வாங்கிக் கட்டிவிடுகிறேன்.”

“போட முடியாது தம்பி” என்றேன். 60 ரூபாயை வரவு வைத்து, 1,390 ரூபாயை அவர் பெயரில் குறைவு என்று எழுதினேன். குறைவு தீரும்வரை அடுத்த ரன்ஷீட் கிடைக்காது என்பது எங்கள் இடத்து முறை. அவர் மறுநாள் வரவில்லை, பிறகும் வரவில்லை.

நான் எழுதியது சரி என்றுதான் இப்போதும் சொல்வேன். நேற்றைய குழியை இன்றைய மண்ணால் மூடத் தொடங்கினால், நாளைக்கு இன்னொரு பார்சல் ‘காணாமல்’ போயாக வேண்டும். கையில் பொருளை வைத்திருக்கும் வாடிக்கையாளருக்கு ‘நீங்கள் வீட்டில் இல்லை’ என்று செய்தி போகும். மூன்று முறை அப்படிப் போட்டால் அந்தப் பார்சல் திருப்பி அனுப்பும் பட்டியலில் ஏறும். இல்லாத பெட்டிக்காகத் திருப்பூர் பனியன் வியாபாரி காத்திருப்பார். அவருக்குச் சேர வேண்டிய பணமும், கொடுத்தாயிற்று என்று பதிவாகும் நாள்வரை நின்றுவிடும். ஒரு நாள்தானே என்று நான் விட்டிருந்தால், அந்தப் பொய்யில் என் கையெழுத்தும் இருந்திருக்கும்.

ஆனால் அந்த 60 ரூபாய்? பதுக்க நினைப்பவர் அதைத் தனியாக வைத்திருப்பாரா? மாட்டிக்கொண்ட பிறகு நல்லவராகக் காட்டிக்கொள்ள வைத்ததாகவும் இருக்கலாம். இரண்டையும் மாறி மாறி நினைக்கிறேன். ஒன்றிலும் மனம் நிலைக்கவில்லை.

என்னை அதிகம் வாட்டுவது அந்தக் கட்டம்தான். பதிவேட்டில் குறைவுக்கு ஒரே ஒரு கட்டம். பணத்தைச் செலவழித்தவரும், தவணை பிடித்ததால் மாட்டிக்கொண்டவரும் அதே கட்டத்தில்தான் விழ வேண்டும். நான் குறிப்பில் எல்லாவற்றையும் எழுதினேன், யு.பி.ஐ. பரிமாற்றத்தின் 12 இலக்க எண் உட்பட. மாதக் கடைசியில் தலைமை அலுவலகத்துக்குப் போகும் தாளில் குறிப்பு போகாது. பெயரும் தொகையும் மட்டும் போகும்.

சொந்த எண்ணுக்கு வந்த பணத்துக்குத் தனிக் கட்டம் வேண்டும் என்று மேலாளரிடம் கேட்டேன். “கட்டம் கொடுத்தால் அது அனுமதி ஆகிவிடும் அம்மா, நாளைக்கு எல்லோரும் சொந்த எண்ணைத்தான் காட்டுவார்கள்” என்றார். அவர் சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை.

இப்போது அப்படிப் பணம் வாங்கியவர்களை, ‘ஆள் இல்லை’ என்று போடாமல், அங்கேயே நின்று எனக்குத் தொலைபேசியில் சொல்லச் சொல்கிறேன். சிக்னல் கிடைத்ததும் தங்கள் கணக்கிலிருந்து அந்தப் பார்சலின் கியூ.ஆருக்கே அனுப்பிவிடுகிறார்கள். தவணை நாளுக்கு முன்பாக இருந்தால் இது நடக்கிறது. கணக்கு ஏற்கெனவே பற்றில் இருப்பவருக்கு, பணம் வந்த நொடியே வங்கி பிடித்துக்கொள்கிறது. அப்படி ஒருவர் வந்தால் அந்த ஒரே கட்டத்தில்தான் எழுதுவேன்.