விளக்கு எரியாத பவர் பேங்க்: மாற்றி வாங்குவதற்குள் பட்ட பாடு

புக்கிட் பிந்தாங் பக்கம் உள்ள ஒரு பேரங்காடியில் வாங்கிய 10,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க்கை மாற்றி வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும், சி போர்ட் மட்டுமே உள்ள என் சார்ஜரில், இரு முனையும் சி வகையாக உள்ள கேபிளைச் செருகி பவர் பேங்க்குடன் இணைத்தேன். பக்கவாட்டில் வரிசையாக இருந்த நான்கு சிறு விளக்குகளில் ஒன்றுகூட எரியவில்லை.

மூன்றையும் கடைக்கு எடுத்துச் சென்றேன். அங்கிருந்த இளைஞர் மேசை இழுப்பறையிலிருந்து பழைய ஏ வகைக் கேபிளை எடுத்து, கடைச் சார்ஜரில் செருகிக் காட்டினார். முதல் விளக்கு உடனே மினுக்கத் தொடங்கியது. "பாருங்கண்ணே, பவர் பேங்க் நல்லாத்தான் இருக்கு. உங்க சார்ஜர்தான் போயிருச்சு, வேணும்னா புதுசு ஒன்னு எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, என் கேபிளைச் சார்ஜரின் மேலேயே இறுக்கிச் சுற்றித் திருப்பிக் கொடுத்தார். கேபிளை அப்படிச் சுற்றவே கூடாது. முனையை ஒட்டிய கழுத்துப் பகுதியில் மெல்லிய செம்புக் கம்பிகள் அறுந்துபோகும். உள்ளங்கை அகலத்துக்குத் தளர்வான வளையங்களாகச் சுருட்டி வைத்தாலே போதும்.

அவர் சொன்னதை நான் நம்பவில்லை. வீட்டு மேசையில் மூன்றையும் பரப்பி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்தேன். அதே சார்ஜர், அதே கேபிள், ஆனால் பவர் பேங்க்குக்குப் பதில் கைப்பேசி: மின்னேற்றம் தடையின்றி நடந்தது. ஆகவே சார்ஜரும் கேபிளும் பழுதில்லை. பழைய சார்ஜரின் ஏ போர்ட்டிலிருந்து பவர் பேங்க்குக்குக் கொடுத்தால் விளக்கு மினுக்கியது. ஆகவே அதன் மின்கலமும் பழுதில்லை. சியிலிருந்து சிக்குக் கொடுக்கும்போது மட்டும், முனையைத் திருப்பிச் செருகினாலும் விளக்குகள் இருண்டே கிடந்தன.

இதன் காரணம் போர்ட்டுகள் வேலை செய்யும் முறையில் இருக்கிறது. செவ்வக வடிவ ஏ போர்ட்டில், எதிரே என்ன இருக்கிறது என்று பாராமல் 5 வோல்ட் எப்போதும் இருக்கும். ஓரங்கள் வளைந்த நீள்வட்ட சி போர்ட்டோ, மறுமுனையில் மின்சாரம் வாங்கும் கருவி இருப்பதை உறுதிசெய்யும்வரை எதையும் வெளியே விடாது. அந்த அடையாளத்தைத் தருபவை, வாங்கும் கருவிக்குள் இருக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டு. முனையை எந்தப் பக்கமாகவும் செருகலாம் என்பதால் பக்கத்துக்கு ஒன்று. சில சென் மிச்சப்படுத்துவதற்காக மலிவான கருவிகளில் இவற்றை விட்டுவிடுகிறார்கள். ஒன்றை மட்டும் வைத்திருந்தால், முனையை ஒரு பக்கமாகச் செருகும்போது மட்டும் விளக்கு எரியும். திருப்பிச் செருகிப் பார்க்க வேண்டியது அதனால்தான்.

மறுபடி கடைக்குப் போனால் ரசீது கேட்டார்கள். வெப்பத்தில் அச்சாகும் அந்தத் தாள், நம் ஊர்ப் புழுக்கத்தில் வெள்ளைக் காகிதமாக வெளுத்திருந்தது. "எழுத்து இல்லாத ரசீது செல்லாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பயணம் வீண். ரசீது கைக்கு வந்த அன்றே அதைப் படமெடுத்து வைப்பது நல்லது. மின்பணப்பையில் கட்டியிருந்ததால், கட்டிய தேதியும் நேரமும் தொகையும் அதன் கணக்கில் அப்படியே இருந்தன. அதைக் காட்டி, இதற்கும் மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி, வழக்கறிஞரே இல்லாமல் மனு கொடுக்கலாம் என்பது எனக்குத் தெரியும் என்று அமைதியாகச் சொன்னேன். கடை மேலாளர் உள்ளேயிருந்து வந்துவிட்டார்.

அதே வகையில் புதிய பெட்டி ஒன்றை எடுத்து நீட்டி, பிரச்சினை தீர்ந்தது என்றார். அதை வாங்கிக்கொண்டு கிளம்பியிருந்தால் ஏமாந்திருப்பேன். பெட்டியை அங்கேயே பிரிக்கச் சொல்லி, அவர்களுடைய சி சார்ஜரிலேயே, அவர்களுடைய கேபிளாலேயே இணைக்கச் சொன்னேன். விளக்கு எரியவில்லை. மேலாளர் முனையைத் திருப்பிச் செருகினார், இன்னொரு கேபிளை எடுத்து வந்தார், எதுவும் பலிக்கவில்லை. "சார்ஜர் போயிருச்சு" என்று என்னிடம் சொன்ன இளைஞர் அந்நேரம் கண்ணாடி அலமாரியைத் துடைப்பதில் மும்முரமாகிவிட்டார். பழுது ஒரு பெட்டியில் இல்லை, அந்த வகை முழுவதிலும் இருந்தது. ஆகவே, அதே வகையை எத்தனை முறை மாற்றித் தந்தாலும் பயனில்லை.

கடைசியில் வேறு வகை ஒன்றை எடுத்துக்கொண்டு, விலை வித்தியாசத்தை நான் கட்டினேன். அதையும் கடையிலேயே முனையின் இரு பக்கமும் செருகிப் பார்த்து, இரண்டு முறையும் விளக்கு மினுக்கிய பிறகே புதிய ரசீதைப் படமெடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பழைய வகைப் பெட்டிகளை மேலாளர் அலமாரியிலிருந்து எடுத்ததாகத் தெரியவில்லை.