ஒருவருக்கான பருப்பு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தனி அறையெடுத்துப் படிக்கும் நான், சமையல் செயலியில் நால்வருக்கான மைசூர் பருப்புக் குறிப்பை ஒருவருக்கென மாற்றியபோது, அது 200 கிராம் பருப்பை 50 கிராமாகவும் 800 மில்லி தண்ணீரை 200 மில்லியாகவும் பிழையின்றி வகுத்துக் கொடுத்தும், பருப்பு வேகுமுன்னே அடிபிடித்துவிட்டது. ஆவியாகிப் போகும் நீர் சட்டியின் வாய் அகலத்தையும் அடுப்பில் இருக்கும் நேரத்தையும் பொறுத்தது. வேகும் நேரமோ நான்கில் ஒன்றாகக் குறைவதில்லை. செயலி இதைக் கணக்கில் கொள்ளவில்லை. இப்போது சிறிய சட்டியில் 300 மில்லி ஊற்றி, மூடி சற்றே விலக்கி வைத்து, கரண்டி அடியில் ஒட்டத் தொடங்கினால் கொதிநீர் சேர்க்கிறேன். உண்மையில் இரண்டு வேளைக்குச் சேர்த்துச் சமைப்பதே மேல், எரிவாயுவும் மிச்சம். ஆகவே வாரத் திட்டத்தில் திங்கட்கிழமைப் பருப்பைச் செவ்வாய் இரவுக்கும் குறித்து, மீதியை ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் பசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் வாங்கிய கீரையோடு நன்றாகக் கொதிக்கவிடுகிறேன்.