என்னைக் கேட்காமல் ரெஸ்யூமேயை அனுப்ப வேண்டாம் என்று கன்சல்டன்சிக்கு எழுதிய அனுபவம்

சென்னையில் மென்பொருள் சோதனைப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறேன். கடந்த ஆண்டு வேறு வேலை தேடத் தொடங்கி, நௌக்ரி தளத்தில் என் விவரங்களைப் புதுப்பித்த மூன்றாம் நாள், ஒரு கன்சல்டன்சியின் ரெக்ரூட்டர் முற்பகலில் அழைத்தார். பழைய மகாபலிபுரம் சாலையில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு பன்னாட்டு நிறுவனத்துக்கு என் அனுபவத்தோடு பொருந்தும் ஆள் தேவை என்றார். நிறுவனத்தின் பெயரைக் கேட்டபோது, "கிளையன்ட் நேம் கான்ஃபிடென்ஷியல் மேடம். நாலு மணிக்குள்ள உங்க ப்ரொஃபைலை ஷேர் பண்ணிடுறேன். ஷார்ட்லிஸ்ட் ஆனதும் பேர் சொல்றேன்" என்றார். ரெஸ்யூமேயை வேர்டு கோப்பாக அனுப்பும்படியும், அதனுடன் பான் எண், பிறந்த தேதி, தற்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், நோட்டீஸ் பீரியட் ஆகியவற்றை எழுதும்படியும் கேட்டுக்கொண்டார்.

இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இதே போன்ற ஓர் அழைப்புக்கு "சரி, அனுப்புங்கள்" என்று நான் சொல்லியிருந்தேன். அது எந்த நிறுவனம் என்று எனக்குக் கடைசிவரை தெரிவிக்கப்படவில்லை. சில வாரங்கள் கழித்து, கல்லூரியில் என்னுடன் படித்த தோழி தன் நிறுவனத்தில் எனக்கு ரெஃபரல் கொடுக்க முயன்றாள். அந்த விண்ணப்பதாரர் ஏற்கெனவே பதிவில் இருக்கிறார் என்று சொல்லி அவர்களுடைய போர்ட்டல் அதை ஏற்க மறுத்துவிட்டது. விசாரித்தபோது ஒரு கன்சல்டன்சி வழியாக என் பெயர் உள்ளே வந்திருப்பதும், ஆறு மாதங்களுக்கு என்னை வேறு வழியாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதும் தெரிந்தது. தோழி தன் மேலாளரிடம் என்னைப் பற்றி நேரில் பேசியிருந்தும் அந்த வாய்ப்பு அத்துடன் முடிந்துபோனது.

இது ஏன் இப்படி நடக்கிறது என்பதை அப்போதுதான் விசாரித்து அறிந்துகொண்டேன். தன் வழியாக வந்தவர் வேலையில் சேர்ந்தால் கன்சல்டன்சிக்கு நிறுவனம் கட்டணம் தருகிறது. நம் ஊரில் பரவலாகப் பேசப்படும் அளவு ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம். ஒரே ஆளை இரண்டு கன்சல்டன்சிகள் அனுப்பினால் யாருக்குப் பணம் என்ற தகராறு வரும் என்பதால், முதலில் பதிவேற்றியவருக்கே அந்த ஆள் உரியவர் என்று நிறுவனங்கள் விதி வைத்திருக்கின்றன. அந்த உரிமை பெரும்பாலும் ஆறு மாதமோ ஓராண்டோ நீடிக்கும். ஒருவரே மீண்டும் வருகிறாரா என்பதை மின்னஞ்சல், கைபேசி எண், சில இடங்களில் பான் எண் ஆகியவற்றைக் கொண்டு போர்ட்டல் சரிபார்க்கிறது. எனவே முதல் அழைப்பிலேயே பான் எண்ணைக் கேட்பதும், நான்கு மணிக்குள் அனுப்பியாக வேண்டும் என்று அவசரப்படுத்துவதும் பெரும்பாலும் பெயரைப் பிறருக்கு முன்னால் பதிவு செய்துவிடுவதற்காகவே. என்னை அழைத்த ரெக்ரூட்டருக்கு மாத இலக்கு இருக்கும். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் ஆறு மாதம் கட்டுண்டு கிடக்கப் போவது என் பெயர்.

அழைப்பு முடிந்ததும் நான் முதலில் யோசித்தது, பதிலே எழுதாமல் விட்டுவிடலாமா என்பதுதான். அது போதாது என்று விரைவிலேயே புரிந்தது. என் ரெஸ்யூமே ஏற்கெனவே வேலைவாய்ப்புத் தளத்தில் இருப்பதால், நான் எதையும் அனுப்பாவிட்டாலும் அங்கிருந்து இறக்கி அவரால் அனுப்பிவிட முடியும். நான் மறுக்காததையே சம்மதமாக அவர் எடுத்துக்கொள்ளவும் கூடும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை வாசித்துப் பார்த்தபோதும் இந்தக் கவலை கூடியது. ஒருவர் தாமாகவே ஒரு நோக்கத்துக்காகத் தந்த விவரத்தை, அவர் தமக்குச் சம்மதமில்லை என்று தெரிவிக்காத வரையில், அந்த நோக்கத்துக்குப் பயன்படுத்தலாம் என்ற வகையில் அதில் ஒரு பிரிவு இருக்கிறது. ஆகவே மறுப்பு எழுத்தில் இருக்க வேண்டும், அதுவும் அவர் குறிப்பிட்ட நான்கு மணிக்கு முன்பாகவே போய்ச் சேர வேண்டும் என்று முடிவு செய்தேன். சட்டத்தின் பெயரை மட்டும் கடிதத்தில் குறிப்பிடவில்லை. முதல் கடிதத்திலேயே சட்டம் பேசினால் எதிரில் இருப்பவர் பேச்சை முறித்துக்கொள்வார். எனக்குத் தேவைப்பட்டதோ நிறுவனத்தின் பெயர்.

ஒரு மணிக்குள் அனுப்பிய மின்னஞ்சலை ஆங்கிலத்தில்தான் எழுதினேன். அதன் சாரம் இது: "இன்று காலை அழைத்துப் பேசியதற்கு நன்றி. நீங்கள் சொன்ன பணியில் எனக்கு ஆர்வம் இருக்கிறது. நான் தற்போது சில நிறுவனங்களுக்கு நேரடியாகவும் நண்பர்கள் வழியாகவும் விண்ணப்பித்திருப்பதால், ஒரே இடத்துக்கு இருமுறை என் பெயர் போய்விடக் கூடாது. அது உங்களுக்கும் சிக்கலைத் தரும். எனவே நிறுவனத்தின் பெயர், பணியின் பெயர், பணியிடம் ஆகியவற்றைத் தெரிவித்து, நான் எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் தரும் வரையில் என் ரெஸ்யூமேயை எந்த நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பெயரைத் தெரிவித்தால் இன்றே பதில் தருகிறேன். அந்தப் பணிக்கு உங்களைத் தவிர்த்து நேரடியாக விண்ணப்பிக்க மாட்டேன் என்றும் உறுதி கூறுகிறேன், ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தால் தவிர."

இந்தக் கடிதத்தில் நான் அதிக நேரம் யோசித்து எழுதியது அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான். அவர்கள் நிறுவனத்தின் பெயரை மறைப்பதற்கு முக்கியக் காரணம், பெயர் தெரிந்ததும் நாம் நேரே போய் விண்ணப்பித்து அவர்களுடைய கட்டணத்தை இல்லாமல் செய்துவிடுவோம் என்ற அச்சம். அந்த அச்சம் நியாயமானதே. அதற்கு ஓர் உறுதிமொழியைத் தராமல் "பெயரைச் சொன்னால்தான் ஆயிற்று" என்று மட்டும் எழுதியிருந்தால், அவருக்குப் பெயர் சொல்ல எந்தக் காரணமும் இருந்திருக்காது. "ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தால் தவிர" என்ற விலக்கும் அவசியமானது; அது இல்லாவிட்டால் நாம் கொடுத்த உறுதிமொழியே நம் பழைய விண்ணப்பத்துக்குத் தடையாகிவிடும். ரெஸ்யூமேயை இணைக்கவில்லை. பான் எண்ணும் பிறந்த தேதியும் வேலைக்கான உத்தரவு கைக்கு வரும் கட்டத்தில் தருகிறேன் என்று ஒரு வரி சேர்த்தேன்.

இரண்டரை மணிக்கு அவரே மீண்டும் அழைத்தார். "எல்லாரும் இப்படித்தான் மேடம் குடுக்கறாங்க, நீங்க மட்டும் கேக்கறீங்க" என்று சற்று வருத்தத்துடன் சொன்னார். "உங்கள் சிரமம் புரிகிறது, ஆனால் ஒருமுறை இதனால் ஒரு வாய்ப்பை இழந்திருக்கிறேன்" என்று நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். பெயரைச் சொல்லத் தனக்கு அனுமதி இல்லை என்றார். உங்கள் டீம் லீடிடம் என் மின்னஞ்சலைக் காட்டிக் கேளுங்கள், இன்று நேரம் தவறிப்போனால் எனக்கு வருத்தமில்லை என்றேன். இதைச் சொல்லும்போது உண்மையிலேயே அந்த வாய்ப்பை விட்டுவிட நான் தயாராக இருந்தேன். அந்தத் தயார்நிலை இல்லாவிட்டால் குரலைத் தாழ்த்தாமல் பேசுவது கடினம். மூன்றே கால் மணிக்கு டீம் லீடிடமிருந்து நிறுவனத்தின் பெயருடன் ஒரு மின்னஞ்சல் வந்தது.

பெயரைப் பார்த்ததும் நெஞ்சு படபடத்தது. பதினைந்து நாள்களுக்கு முன்பு என் முன்னாள் சகப் பணியாளர் ஒருவர் எனக்கு ரெஃபரல் கொடுத்திருந்த அதே நிறுவனம். வேறு பிரிவில் வேறு பணிதான். ஆனாலும் நிறுவனத்தின் பதிவில் நான் ஒரே ஆள். உடனே பதில் எழுதினேன்: இந்த நிறுவனத்தில் இன்ன தேதியில் ரெஃபரல் வழியாக என் பெயர் பதிவாகியிருப்பதால் உங்கள் வழியாக அனுப்பச் சம்மதம் தர இயலவில்லை; பெயரைத் தெரிவித்தமைக்கு நன்றி; இதுவரை எங்கும் பதிவேற்றவில்லை என்பதை ஒரு வரியில் உறுதிப்படுத்த வேண்டுகிறேன். கடைசி வேண்டுகோளுக்கு மறுநாள் காலைதான் பதில் வந்தது. "பதிவேற்றவில்லை" என்று எழுதியிருந்தார்கள். அதற்குள் மின்னஞ்சலில் ஸ்பேம் பெட்டி வரை பார்த்துவிட்டேன். பல நிறுவனங்களின் போர்ட்டல்கள், பெயர் பதிவானதும் விண்ணப்பதாரருக்குத் தானியங்கிக் கடிதம் ஒன்றை அனுப்பிவிடும். நமக்குத் தெரியாமல் அனுப்பப்பட்டிருப்பதற்கு அதுவே முதல் அறிகுறி. அப்படி எதுவும் வந்திருக்கவில்லை.

ஒருவேளை பதிவேறியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதையும் யோசித்து வைத்திருந்தேன். கன்சல்டன்சியிடம் பதிவைத் திரும்பப் பெறச் சொல்லி எழுதுவது முதல் படி. இரண்டு நாளில் பதில் இல்லாவிட்டால், நிறுவனத்தின் ஆளெடுப்புப் பிரிவுக்கு, குற்றச்சாட்டாக அல்லாமல், இந்தக் கன்சல்டன்சிக்கு நான் சம்மதம் தரவில்லை என்றும் இன்ன தேதியிட்ட என் மறுப்பு இணைக்கப்பட்டுள்ளது என்றும் நான்கு வரிகளில் எழுதுவது அடுத்த படி. தேதியும் நேரமும் தாங்கிய என் மின்னஞ்சல் அங்கே பயன்பட்டிருக்கும். ஆயினும் அதனால் உரிமை மாறியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். நிறுவனத்துக்கும் கன்சல்டன்சிக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் நாம் ஒரு தரப்பு அல்ல. தகராறுள்ள பெயரே வேண்டாம் என்று ஒதுக்கிவிடும் நிறுவனங்களும் உண்டு. அதனால்தான் நான்கு மணிக்கு முன்னால் மறுத்தது எனக்கு அவ்வளவு முக்கியமாக இருந்தது.

ரெஃபரல் வழியாகப் போன விண்ணப்பத்துக்கு அடுத்த மாதம் நேர்காணல் அழைப்பு வந்தது. இரண்டாம் சுற்றில் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. இடையில் அதே ரெக்ரூட்டர் வேறொரு பணிக்காக எழுதினார். இம்முறை நிறுவனத்தின் பெயர், பணி எண், பணியிடம் மூன்றும் முதல் மின்னஞ்சலிலேயே இருந்தன. அந்த நிறுவனத்தில் எனக்கு எந்தப் பதிவும் இல்லை என்று சரிபார்த்துக்கொண்டு, இந்த ஒரு பணிக்கு மட்டும், 60 நாள்களுக்கு மட்டும் என் ரெஸ்யூமேயை அனுப்பச் சம்மதிக்கிறேன் என்று எழுதினேன். தேதியிட்ட பி.டி.எஃப். கோப்பை இணைத்து, நீங்கள் அனுப்பப்போகும் வடிவத்தை எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள் என்று கேட்டேன். வந்த பிரதியில் என் தொலைபேசி எண்ணை நீக்கிவிட்டுத் தங்கள் முகவரியைப் போட்டிருந்தார்கள். அது அவர்கள் வழக்கம், அதில் எனக்கு மறுப்பில்லை. நான் ஒருபோதும் பயன்படுத்தியிராத ஒரு சோதனைக் கருவியின் பெயரையும் திறன்களின் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். அதை நீக்கும்படி கேட்டு, திருத்திய பிரதி வந்த பிறகே அனுப்பச் சொன்னேன். அந்தப் பணி நிரப்பப்படாமலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. அறுபதாம் நாள், சம்மதம் இன்றுடன் முடிகிறது என்று ஒரு வரி எழுதினேன். "நோட்டட் மேடம்" என்று அவரிடமிருந்து பதில் வந்தது.