தண்டல் தினமும், தவணை ஐந்தாம் தேதி: பஜ்ஜி வண்டிக்கு வாங்கிய கடன்

வேளச்சேரி பக்கம் ஒரு பஸ் ஸ்டாப் அருகே 2016-லிருந்து சாயங்காலம் பஜ்ஜி, போண்டா போடுகிறேன். ஏழு வருஷமும் தண்டல் பணத்தில்தான் வண்டி ஓடியது. 10,000 என்று எழுதுவார்கள், கையில் 8,500 கொடுப்பார்கள். தினம் 100 வீதம் நூறு நாள். ராத்திரி எட்டு மணிக்கு டி.வி.எஸ்ஸில் ஒருத்தர் வந்து நிற்பார், அட்டையில் கோடு போட்டு நூறு ரூபாயை வாங்கிக்கொண்டு போவார். நூறு நாளைக்கு 1,500 ரூபாய் வட்டி என்று எனக்கும் தெரியும். ஆனால் எண்ணெய்க் கடைக்காரர் நாளைக்குக் கொடு என்று சொல்லமாட்டாரே.

2022 கடைசியில் பக்கத்துப் பழவண்டி அண்ணன் பி.எம். ஸ்வநிதி கடன் வாங்கினார். சாலையோர வியாபாரிகளுக்கு 2020 ஜூனில் மத்திய அரசு கொண்டுவந்த திட்டம் அது. முதல் தடவை 10,000, பன்னிரண்டு மாதத் தவணை, நகையோ பத்திரமோ ஜாமீனோ வேண்டாம். "உனக்கு ஐ.டி. கார்டு இருக்காம்மா?" என்று கேட்டார். அங்கேதான் எனக்குச் சிக்கல்.

மாநகராட்சி சாலையோர வியாபாரிகளைக் கணக்கெடுத்தபோது என் பெயர் விடுபட்டுப் போயிருந்தது. காரணம் சின்னது. அவர்கள் வந்தது காலையில், என் வண்டி தெருவுக்கு வருவது நாலு மணிக்கு. காலையில் அந்த இடத்தில் வெறும் நடைபாதைதான் இருக்கும். அடையாள அட்டையோ விற்பனைச் சான்றோ இருந்தால் நேராக விண்ணப்பிக்கலாம். கணக்கெடுப்பில் பெயர் இருந்து அட்டை மட்டும் வராதவர்களுக்கு இணையதளத்திலேயே தற்காலிகச் சான்று எடுத்துத் தருகிறார்கள். இரண்டும் இல்லாத என்னைப் போன்றவர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் என்று ஒரு வழி இருக்கிறது. மாநகராட்சியோ நகராட்சியோ, இவர் இன்ன இடத்தில் வியாபாரம் செய்கிறார் என்று விசாரித்துத் தரும் கடிதம் அது. சங்க உறுப்பினர் அட்டை இருந்தால் வேலை சுலபம். நான் எந்தச் சங்கத்திலும் இல்லை. வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தாலும் இடத்துக்கு வந்து பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று விதி இருப்பதை மண்டல அலுவலகத்தில் ஒரு தம்பி சொன்னார்.

எழுதிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து விசாரணைக்கு வந்தார்கள், மறுபடியும் காலையில்! "அந்த இடத்தில் வண்டி இல்லை" என்று குறித்துக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் நானே போய், "சார், அஞ்சு மணிக்கு மேல வாங்க, சூடா பஜ்ஜியே தரேன்" என்றேன். வந்தார்கள். வண்டியோடு என்னை நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். விண்ணப்பத்தில் எழுதும்போதே வியாபார நேரத்தைக் குறிப்பிட்டிருந்தால் அந்த அலைச்சல் மிச்சம்.

அடுத்து ஆதார். விண்ணப்பம் போடும்போது ஓ.டி.பி. வரவேண்டிய எண், நான் எப்போதோ தொலைத்த சிம்முடையது. ஆதார் மையத்தில் போய் எண்ணை மாற்றி, அது பதிவாகும் வரை ஒரு வாரம் காத்திருந்தேன். இந்தக் கடனுக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கடிதம் கையில் இருந்தும் ஓ.டி.பி. இல்லாமல் திரும்பியவர்களை அந்த வரிசையிலேயே பார்த்தேன்.

விண்ணப்பத்தில் எந்தக் கிளை வேண்டும் என்று கேட்கும். என் கணக்கு இருந்த கிளையைக் கொடுத்தேன். அங்கே இருந்தவர் எடுத்த எடுப்பில், "கவர்மெண்ட் வேலையில இருக்கிற யாரையாவது ஜாமீனுக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார். இந்தத் திட்டத்தில் ஜாமீன் கேட்கக்கூடாது. எனக்கு அது தெரியும், ஆனால் கவுண்டருக்கு முன்னால் நின்று வாதாடத் தெம்பு இல்லை. மண்டல அலுவலகத் தம்பியிடம் போய்ச் சொன்னேன். அவர் கிளையை மாற்ற வழி செய்து கொடுத்தார். இரண்டாவது கிளையில் மேனேஜர் அம்மா, வண்டி எங்கே, ஒரு நாள் வியாபாரம் எவ்வளவு, வேறு கடன் உண்டா என்று மூன்று கேள்வி கேட்டார். கையெழுத்து வாங்கினார். 2023 ஏப்ரல் 6 அன்று 10,000 ரூபாயும் முழுசாகக் கணக்கில் ஏறியது. பிடித்தம் இல்லாமல் கடன் வாங்கியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

எனக்குப் போட்ட வட்டி 12 சதவீதம், வங்கிக்கு வங்கி இது மாறும். தவணை மாதம் 889 ரூபாய். ஒரு வருஷத்தில் கட்டும் வட்டி 660 சொச்சம். அதில் 7 சதவீதத்துக்கான பங்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு நம் கணக்கிலேயே திருப்பிப் போடுகிறது. முதல் தடவை 150 ரூபாய் சொச்சம் வந்தபோது யாரோ தவறுதலாக அனுப்பிவிட்டார்கள் என்று பயந்துபோய் பாஸ்புக்கோடு ஓடினேன். வருஷத்துக்கு 380 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். ஆக என் கையை விட்டுப் போன வட்டி 280-க்கும் குறைவு. தண்டலில் நூறு நாளைக்கே 1,500 கொடுத்தவள் நான். கியூ.ஆர். அட்டையில் பணம் வாங்கினால் மாதம் 100 ரூபாய் வரை கேஷ்பேக்கும் உண்டு. பத்து ரூபாய் பஜ்ஜிக்கும் ஸ்கேன் செய்யும் காலேஜ் பிள்ளைகள் புண்ணியத்தில் அது பெரும்பாலும் வந்துவிட்டது.

ஆனால் தண்டலில் இருந்த ஒன்று பேங்கில் இல்லை. தண்டல்காரர் தினமும் வருவார், அதனால் பணம் தினமும் போய்விடும். பேங்க் ஐந்தாம் தேதி மட்டும்தான் வரும், அதுவும் சத்தமில்லாமல். நமக்கு வருமானம் தினசரி, செலவும் தினசரி. 889 ரூபாய் ஒரே நாளில் கையில் தங்கவே தங்காது. முதல் இரண்டு மாதம் நாலாம் தேதி ராத்திரி கைமாற்று வாங்கித்தான் கட்டினேன். அப்புறம் கணக்குப் போட்டேன். மாதத்தில் 26 நாள் வண்டி போடுகிறேன், 889-ஐ வகுத்தால் 34 ரூபாய். நாற்பதாக வைத்துக்கொண்டேன். ராத்திரி எட்டு மணிக்கு, தண்டல்காரர் வரும் அதே நேரத்துக்கு, தவணைக் கணக்குக்கு 40 ரூபாய் ஜிபே செய்துவிடுவேன். மாதம் 1,040 சேரும். மிச்சம் 150 மழை நாளுக்கு.

அந்த மிச்சத்தை ஒரு தடவை நானே கெடுத்தேன். 2023 நவம்பர் மாதம் அடுப்பு பழுது. தவணைக் கணக்கில் இருந்ததை எடுத்துச் செலவழித்துவிட்டு, டிசம்பர் முதல் வாரத்தில் போட்டுவிடலாம் என்று இருந்தேன். 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. வேளச்சேரி என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். வண்டி இடுப்பளவு தண்ணீரில் நின்றது. கரண்ட் இல்லை, போனில் டவர் இல்லை. ஐந்தாம் தேதி தவணை பவுன்ஸ் ஆகிவிட்டது, அதற்கு அபராதம் தனி.

மானியமும் போச்சு, அடுத்த கடனும் போச்சு என்று அழுதுகொண்டே மேனேஜர் அம்மாவிடம் போனேன். ஒரு தவணை தவறினால் அப்படி ஆகாது என்றார். 90 நாளைத் தாண்டி பாக்கி நின்றால்தான் வாராக்கடன் என்று எழுதுவார்கள், மானியம் நிற்பதும் அதற்கப்புறம்தான். ஆனால் தாமதம் சிபிலில் பதிவாகும், அதை அழிக்க முடியாது. அரசு கொடுத்த 6,000 ரூபாய் வெள்ள நிவாரணம் ரேஷன் கடையில் கிடைத்ததும் முதல் வேலையாக அந்தத் தவணையைக் கட்டினேன்.

அன்றைக்கு இன்னொன்றும் கேட்டேன். எங்கள் வரிசையில் ஒருத்தர், "இதுக்கு கவர்மெண்ட் கேரண்டி இருக்கு, கட்டலைன்னா அவங்களே கட்டிடுவாங்க" என்று சொல்லிக்கொண்டு நாலு மாதமாகக் கட்டாமல் இருந்தார். மேனேஜர் அம்மா காகிதத்தில் போட்டுக் காட்டினார். சி.ஜி.டி.எம்.எஸ்.இ. என்ற அமைப்பு கொடுக்கும் உத்தரவாதம் பேங்குக்கு, அதுவும் தனித்தனி ஆளுக்கு இல்லை, மொத்தத்துக்கு. ஒரு பேங்க் நூறு பேருக்கு ஆளுக்கு 10,000 கொடுத்திருக்கிறது, மொத்தம் 10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 5 சதவீதம், அதாவது 50,000 வரை வராமல் போனால் முழுசும் பேங்குக்குக் கிடைக்கும். அதற்கு மேல் 15 சதவீதம் வரைக்கும், அதாவது அடுத்த 1 லட்சத்துக்கு, முக்கால் பங்கு 75,000 கிடைக்கும். அதையும் தாண்டினால் பேங்க் தலையில். "இதில் உங்க பேர் எங்கேயாவது இருக்காம்மா?" என்று கேட்டார். இல்லை. உத்தரவாதப் பணம் வந்தாலும் கடனாளி கடனாளிதான், பேங்க் வசூலிக்கத்தான் செய்யும். ஒரே தெருவில் நிறையப் பேர் கட்டாவிட்டால் அந்தக் கிளை அடுத்த வியாபாரிக்குக் கொடுக்க ஏன் தயங்குகிறது என்பதும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. வரிசையில் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு இரண்டாவது கடன் கிடைக்கவில்லை. மறுபடி தண்டலுக்கே போய்விட்டார்.

இடையில் என் நாத்தனாரும் கேட்டாள். அவள் வீட்டில் மூன்று மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். தெருவில் விற்கவில்லை, அதனால் ஸ்வநிதி அவளுக்குப் பொருந்தாது. முத்ராவில் சிசு என்ற பிரிவில் 50,000 வரை வாங்கினாள். அதற்கும் அடமானம் இல்லை, வேறொரு உத்தரவாத நிதி இருக்கிறது. ஆனால் இந்த 7 சதவீத மானியம் அங்கே கிடையாது.

முதல் கடன் 2024 ஏப்ரலில் முடிந்தது. மே மாதம் இரண்டாவதாக 20,000, பதினெட்டு மாதம், தவணை 1,220. தினசரி 40-ஐ 55 ஆக்கினேன். எண்ணெயை பாக்கெட்டில் வாங்காமல் டின்னாக, கடலை மாவை மூட்டையாக வாங்க ஆரம்பித்தது இந்தப் பணத்தில்தான். லாபம் கூடியது பஜ்ஜி விலையால் இல்லை, இந்த மொத்த வாங்கலால்.

2024 டிசம்பரோடு புதுக் கடன் கொடுக்கும் காலம் முடிந்துவிட்டது என்றார்கள். மூன்றாவது கிடைக்காது போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். 2025 ஆகஸ்டில் 2030 மார்ச் வரை நீட்டித்தார்கள். முதல் கடன் 15,000, இரண்டாவது 25,000 என்று கூட்டிவிட்டார்கள். மூன்றாவது பழையபடி 50,000. இரண்டாவதை அடைத்தவர்களுக்கு யு.பி.ஐ.யோடு சேர்ந்த ரூபே கிரெடிட் கார்டும் உண்டாம்.

கார்டு இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கையில் கார்டு இருந்தால் அடுப்பு பழுதாகும்போதெல்லாம் அதைத் தேய்ப்பேன், என்னை எனக்குத் தெரியும். 50,000-க்கு மட்டும் போன டிசம்பரில் விண்ணப்பித்தேன். என் வட்டியில் முப்பத்தாறு மாதத்துக்கு மாதம் 1,661 ரூபாய், 26 நாளுக்குப் பிரித்தால் 64. எழுபது என்று வைத்திருக்கிறேன். கடன் வருவதற்கு முன்னாலேயே ஒரு மாதம் எழுபது எழுபதாகப் போட்டுப் பார்த்தேன். மார்கழிக் குளிரில் சாயங்கால பஜ்ஜி நன்றாகப் போகும், அதனால் சுலபமாக வந்துவிட்டது. காலேஜ் லீவு விடும் மே மாதத்தில் வருமா என்று தெரியவில்லை. அதனால் 30,000 மட்டும் போதும் என்று மேனேஜர் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன்.