சட்டின் வைத்த கோட் நேர்முகத்துக்குப் போகாது

கிளிநொச்சியில் கண்டி வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எனக்கு ஒரு தையல்கடை இருக்கிறது. வருடத்தில் பெரும்பகுதி பள்ளிக்கூடச் சீருடையும் சாறி பிளவுசும்தான். ஆனால் நான் தொழில் பழகியது கொழும்பில் கோட் வெட்டுகிற ஒரு மேசையில் என்பதால், சூட் என்று வந்தால் மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கமிருந்தும் ஆட்கள் தேடி வருவார்கள்.

போன ஆவணியில் பரந்தனிலிருந்து ஒரு தம்பி வந்தார். கொழும்பில் வேலை கிடைத்து ஆறு மாதம். கையில் ஒரு கறுப்புச் சூட், ஒரு புதுக் கறுப்பு டை, கைப்பேசியில் ஓர் அழைப்பிதழ்.

"அண்ணை, ஒஃபிஸ் டின்னராம், பிளாக் டை எண்டு போட்டிருக்கு. டை வாங்கிட்டன். அக்கான்ர கலியாணத்துக்குத் தைச்ச சூட்டோட போட்டாக் காணும்தானே?"

"காணாது தம்பி. அவை சொல்லுறது இந்த நீட்டு டையை இல்லை."

இதை நான் உடனே சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் வேறொருவர் இதே கேள்வியோடு வந்தபோது நான் "ஓம், காணும்" என்று சொல்லி, சூட்டை அயன் பண்ணி, நீட்டு டையோடு அனுப்பிவிட்டேன். அவர் திரும்பி வந்து என்னை ஏசவில்லை. எல்லாரும் கழுத்தில் வண்ணத்துப்பூச்சி போல முடிச்சு நிற்கிற போ டை கட்டியிருந்தார்கள், நான் ஒரு ஓரமாக நின்றுவிட்டு வந்தேன் என்று மட்டும் சொன்னார். தைக்கிறவன் தெரியாமல் சொன்ன ஒரு சொல்லால் அந்த மனுசனின் ஒரு இரவு வீணாய்ப் போனது. அதற்குப் பிறகுதான் கொழும்பில் எனக்குத் தொழில் பழக்கியவரிடம் போய், இந்தப் பெயர்கள் ஒவ்வொன்றுக்கும் உள்ளே என்னென்ன உடுப்பு வரும் என்று ஒன்றொன்றாகக் கேட்டுப் படித்தேன்.

பிளாக் டை என்ற பெயர் வந்தது வைட் டையை வைத்துத்தான். இங்கிலாந்தில் முன்பு இரவு விருந்துக்குப் போகிற ஆண்கள் பின்பக்கம் வால் போல நீண்ட கோட்டும் வெள்ளைப் போ டையும் போட்டார்கள். 1865இல் லண்டன் சவில் ரோவில் ஹென்றி பூல் கடை, பிறகு ஏழாம் எட்வர்ட் மன்னராக வந்த அன்றைய இளவரசருக்கு, வீட்டில் இருந்து சாப்பிடும் இரவுகளுக்காக வால் இல்லாத கட்டைக் கோட் ஒன்றைத் தைத்துக் கொடுத்தது. அந்தக் கட்டைக் கோட்டின் வழியில் வந்ததுதான் டின்னர் ஜக்கெட். அதோடு சேர்ந்தது கறுப்புப் போ டை. ஆகவே பிளாக் டை என்றால் ஒரு டை மாத்திரம் அல்ல, அந்தக் கோட்டிலிருந்து சப்பாத்து வரை ஒரு முழுக் கூட்டம்.

அந்தக் கூட்டத்தில் யார் யார்? கறுப்பு அல்லது நள்ளிரவு நீலக் கோட். நெஞ்சில் மடிந்து விழும் பகுதி, கடையில் நாங்கள் லெப்பல் என்போம், அதற்கு மேல் பட்டு அல்லது பட்டுப் போல மினுங்கும் சட்டின் துணி போர்த்தியிருக்கும். முன்னால் ஒரு தெறி, அதுவும் துணி சுற்றினது. பொக்கற்றுக்கு மூடி இல்லை. காற்சட்டையின் வெளிப்பக்கத் தையல் வழியே மேலிருந்து கீழே ஒரு சட்டின் பட்டி ஓடும், பெல்ட் போடும் வளையம் கிடையாது, கால் நுனியில் வெளி மடிப்பும் கிடையாது. வெள்ளைச் சேட்டின் கை நுனி இரண்டாக மடிந்து கஃப்லிங்கால் பூட்டும். இடுப்பைச் சுற்றிக் கட்டும், மடிப்பு வைத்த அகலப் பட்டியான கம்மர்பண்ட், அல்லது கீழே இறங்கிய கழுத்துள்ள வெயிஸ்ட்கோட். காலில் மினுங்கும் கறுப்புச் சப்பாத்து. நேரம் மாலை ஆறுக்குப் பிறகு. பகலில் இதைப் போடுவது இல்லை.

தம்பி கொண்டுவந்த சூட்டை மேசையில் விரித்துப் பார்த்தேன். கம்பளியும் பொலியெஸ்டரும் கலந்த துணி, இரண்டு தெறி, லெப்பலில் வெட்டு இருக்கிற சாதாரண அமைப்பு. முறையான டின்னர் ஜக்கெட்டில் லெப்பல் நுனி மேலே கூராக எழும்பி நிற்க வேண்டும், அல்லது வெட்டே இல்லாமல் சால்வை போலச் சுற்றி வர வேண்டும். அதைத் தைத்து முடித்த கோட்டில் மாற்ற முடியாது. ஆனால் வெட்டு லெப்பலோடேயே டின்னர் ஜக்கெட் என்று கடைகளில் இப்போது விற்கிறார்கள், அதனால் அதை விட்டுவிடலாம் என்று முடிவெடுத்தேன். விருந்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

ஒன்றேகால் மீட்டர் கறுப்புச் சட்டின் எடுத்தோம். அதிகம் மினுங்காத வகை. மலிவான சட்டின் விளக்கு வெளிச்சத்தில் பிளாஸ்டிக் போலத் தெரியும், கடைக்காரரிடம் ஒரு துண்டை வெயிலுக்கும் டியூப் லைட்டுக்கும் மாறி மாறிப் பிடித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். லெப்பலுக்கு மேல் அதைப் போர்த்துவதுதான் இந்த வேலையின் உயிர். கோட்டை மேசையில் தட்டையாக வைத்துப் போர்த்தினால் கெட்டது. கோட்டை ஆள் போட்டதும் லெப்பல் மடிந்து வளையும், வெளிப்பக்கத் துணிக்கு வளைகிற அளவுக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம் வேண்டும், தட்டையாகத் தைத்திருந்தால் அந்த நீளம் இருக்காது, நுனி மேலே சுருண்டு எழும்பும். அதனால் லெப்பலைக் கைவிரல்களுக்கு மேல் வளைத்துப் பிடித்தபடி, மடிப்புக் கோட்டிலிருந்து நுனியை நோக்கி நூலோட்டம் போட்டுக்கொண்டு போக வேண்டும். ஓரம் முழுக்க ஊசித் தையல், மெஷின் கிடையாது. இரண்டு பக்கமும் கொலரும் சேர்த்து எனக்கு இரண்டு நாள் எடுத்தது. அயன் பண்ணும்போது நேராகச் சட்டினில் சூடு வைக்கக் கூடாது, மேலே ஒரு காய்ந்த பருத்தித் துணி போட்டு மெல்லிய சூடு. ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் வட்டமாகக் கறை நிற்கும். எங்கள் பக்கத்துச் செம்மண் தூசிக்கு வேலை முடியும் வரை கோட்டை வெள்ளைச் சீலைக்குள்தான் வைத்திருந்தேன்.

மற்றவை சுலபம். தெறிகளுக்குச் சட்டின் சுற்றினேன். பொக்கற் மூடிகளை உள்ளே தள்ளி, உள்ளிருந்தே இரண்டு தையல் போட்டேன். காற்சட்டை வளையங்களைப் பிரித்தபோது சின்னச் சின்ன ஊசித்துளை தெரிந்தது, நீராவி காட்டியதும் மூடிக்கொண்டது. பெல்ட் இல்லாததால், தோள் வழியே போய்க் காற்சட்டையைத் தாங்கும் சஸ்பெண்டர் பட்டி மாட்ட இடுப்புப் பட்டிக்குள் ஆறு தெறி, முன்னால் நாலு, பின்னால் இரண்டு. பக்கப் பட்டி இரண்டு சென்ரிமீற்றர் அகலம். இதில் ஒரு சிக்கல்: பொக்கற் சரிவாக இருந்தால் பட்டி பொக்கற் வாய்க்குப் பின்னால் தையலோடு ஏறி இடுப்புப் பட்டியைத் தொட வேண்டும். வாய்க்கு மேலால் ஓட்டிவிட்டால் பிறகு கை நுழையாது. மிச்சச் சட்டினில் கம்மர்பண்ட், மடிப்புகள் மேல் நோக்கித் திறக்கும்படி.

வேலை தொடங்க முதலே தம்பியிடம் ஒன்றைக் கேட்டிருந்தேன். "இந்தச் சூட்டைப் பிறகு வேற எதுக்கும் போடுவீங்களோ?"

"அடுத்த மாசம் உள்ளுக்க ஒரு பதவிக்கு நேர்முகம் இருக்கு அண்ணை. அதுக்கு பிஸ்னஸ் ஃபோர்மல் எண்டு சொல்லியிருக்கினம். அதுக்கும் இதையே போடலாம் எண்டு நினைச்சன்."

அவரை இருத்தி விளங்கப்படுத்தினேன். பிஸ்னஸ் ஃபோர்மல் என்றால் கோட்டும் காற்சட்டையும் ஒரே துணியில், கருநீலம் அல்லது கரும் சாம்பல். வெள்ளை அல்லது வெளிர் நீலச் சேட், நீட்டு டை, கறுப்புத் தோல் சப்பாத்து, அதே நிறத்தில் பெல்ட். அங்கே எதுவும் மினுங்கக் கூடாது. சட்டின் ஏறிய லெப்பலோடு பகலில் ஒரு நேர்முக அறைக்குள் போனால், இரவு விருந்துக்கு உடுத்தவர் வழி மாறி வந்துவிட்டார் என்றுதான் தெரியும். சட்டினைத் திரும்பப் பிரிக்கலாம், ஆனால் ஊசி போன வழி முழுக்க லெப்பல் ஓரத்தில் தடம் நிற்கும், பழைய முகம் வராது. அதனால் இந்தச் சூட்டை விருந்துக்கென்றே கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் விருந்துக்கு வாடகைக்கு எடுக்க வேண்டும். அவர் ஒரு நாள் யோசித்துவிட்டு, விருந்து வருடா வருடம் வரும், மாற்றுங்கள் என்றார்.

வேட்டி பற்றியும் கேட்டார். அழைப்பிதழில் "அல்லது தேசிய உடை" என்று இருந்தால் இந்தப் பாடு எதுவும் வேண்டாம். எங்கள் நாட்டில் லவுஞ்ச் சூட் அல்லது தேசிய உடை என்று போடுவது வழக்கம், லவுஞ்ச் சூட் என்பது நாங்கள் சாதாரணமாகச் சூட் என்று சொல்வதுதான். பட்டு வேட்டியும் நெஷனலும் சால்வையுமாகப் போனால் யாருக்கும் குறையாமல் நிற்கலாம், இந்த வெக்கைக்கும் அதுதான் உடம்புக்கு இதம். எனக்குக் கேட்டால் நான் அதைத்தான் உடுத்துவேன். ஆனால் இவருடைய அழைப்பிதழில் அந்த வரி இல்லை. கேட்டுப் பாருங்கள் என்றேன், புதிதாகச் சேர்ந்தவர், கேட்கக் கூச்சப்பட்டார்.

ஸ்மார்ட் கேஷுவல் பற்றியும் கொஞ்சம் சொல்லியனுப்பினேன், பயிற்சி நாட்களுக்கு அதைத்தான் போடச் சொல்கிறார்களாம். இதற்குப் பிளாக் டை போல இறுகின எல்லை இல்லை, இடத்துக்கு இடம் மாறும். நான் பார்க்கிற விதம் இதுதான்: டை வேண்டாம், சேட்டுக்குக் கொலர் வேண்டும், காற்சட்டை கிழியாத கரும் ஜீன்ஸாகவோ பருத்திக் காற்சட்டையாகவோ இருக்கலாம், காலில் செருப்பும் ஓட்டச் சப்பாத்தும் வேண்டாம், லோஃபர் போதும். ஐமிச்சமாக இருந்தால் காற்சட்டையோடு துணி பொருந்தாத தனிக் கோட் ஒன்றைக் கையில் கொண்டு போகலாம். எல்லாரும் கோட்டோடு இருந்தால் போட்டுக்கொள்வது, இல்லாவிட்டால் கதிரையில் தொங்கவிடுவது. சூட்டிலிருந்து கோட்டை மட்டும் பிரித்து இதற்குப் போடுகிறார்கள், அது நல்லதல்ல. கோட் ஒரு பக்கம் வெளிறும், காற்சட்டை ஒரு பக்கம் தேயும், பிறகு அவை இரண்டும் சேர்ந்தால் சூட் ஆகாது.

பதினோராம் நாள் வந்து போட்டுப் பார்த்தார். லெப்பல் நுனி படுத்துக் கிடந்தது, எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. போ டை கட்டுவதற்குத்தான் நேரம் போனது. சப்பாத்து நூல் கட்டுகிற அதே முடிச்சுத்தான், கண்ணாடியைப் பார்த்துக் கட்டும்போது கை குழம்பும், அதனால் முதலில் அவருடைய தொடையைச் சுற்றிக் கட்டப் பழக்கினேன். ஆறாவது தடவை கழுத்தில் நின்றது, ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்ந்து. அதை நான் நேராக்கவில்லை. கையால் கட்டினது அப்படித்தான் இருக்கும்.

கோட்டைக் கழற்றித் தந்துவிட்டு, பையிலிருந்து கரும் சாம்பல் துணித் துண்டொன்றை எடுத்தார். யாழ்ப்பாணத்தில் பார்த்து வைத்ததாம்.

"நேர்முகத்துக்கு இது சரிவருமோ அண்ணை?"

வாசலில் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். மினுக்கம் இல்லை. அளவு நாடாவை எடுத்து அவருடைய தோளில் வைத்தேன்.